யா உம்ரி: எல்லா அரபு நாட்டவருக்கும் புரியும் ஓர் அன்பு வார்த்தையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

"காக்கா, ஒரே ஒரு வரிதான். மைக்கில் சொல்லப் போறேன். இது சரியா இருக்கான்னு பாருங்க" என்று கீழக்கரைத் தம்பி ஒருவன் எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். இதயப் படத்துக்கு மேலே 'து'புர்னி' என்று எழுதியிருந்தது. அரபியில் ஆழமான காதலைச் சொல்லும் வார்த்தை என்று கீழே விளக்கமும் இருந்தது.

அவனுக்கு ஷார்ஜாவில் வேலை. கட்டிக்கொள்ளப் போகும் பெண் மொராக்கோவின் தாஞ்சியர் ஊர்க்காரி. நிக்காஹ் முடிந்து, ஷார்ஜாவில் ஒரு சின்ன விருந்து. வரப் போகிறவர்களில் எகிப்துத் தம்பதி ஒன்று, பெண்ணோடு வேலை செய்யும் இரண்டு ஈராக்கியப் பெண்கள், ஒரு சிரியாக் குடும்பம், அவனுடைய எமிராத்தி மேலாளர் எல்லோரும் உண்டு. பெண்ணின் உம்மா தாஞ்சியரிலிருந்து வீடியோ காலில் பார்ப்பார். இத்தனை பேர் முன்னால் இவன் தன் மனைவியைப் பார்த்து அரபியில் ஒரு வரி சொல்ல வேண்டும். அது அவளுக்கு இனிக்க வேண்டும், மற்றவர்களுக்குப் புரியவும் வேண்டும், யாரும் முகம் சுளித்துவிடக் கூடாது.

து'புர்னி என்றால் 'நீ என்னை அடக்கம் செய்வாயாக' என்று பொருள். லெபனானிலும் சிரியாவிலும் உம்மாமார் பிள்ளைகளைக் கொஞ்சும்போது நாளுக்கு நூறு முறை சொல்வார்கள். உனக்கு முன்னால் நான் போய்விட வேண்டும், நீ இல்லாத ஒரு நாளை நான் பார்க்கக் கூடாது என்கிற பாசம் அது. 'எனக்குக் கொள்ளி வைக்கிற பிள்ளை நீதான்' என்று நம் ஊர்க் கிழவிகள் பேரனைக் கொஞ்சுவதும் கிட்டத்தட்ட இதேதான். டமாஸ்கஸ்காரர் காதில் அது தேன். ஆனால் தாஞ்சியர் உம்மா காதில், கல்யாண நாளில் மாப்பிள்ளை மைக்கைப் பிடித்துக் கப்ர் பேச்சைத் தொடங்குகிறானே என்று விழலாம். இன்னொன்று, அவன் அனுப்பியது ஆணிடம் சொல்லும் வடிவம். பெண்ணிடம் 'தி'ப்ரீனி' என்று மாற்ற வேண்டும். ஆக, வார்த்தையும் பிசகு, வடிவமும் பிசகு.

அன்று இரவு அவனோடு உட்கார்ந்து வேறு வரி தேர்ந்தெடுத்தோம். என்ன வரிசையில் யோசித்தோமோ அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன். உங்களுக்குத் தேவைப்படுவது மனைவிக்கோ, கூட வேலை செய்யும் நண்பருக்கோ, நீங்கள் பார்த்துக்கொள்ளும் அரபுக் குழந்தைக்கோ, யாருக்கென்றாலும் வழி ஒன்றுதான்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. அரபியில் 'பல்' என்பதில் வரும் ப ஒலி கிடையாது. 'பஸ்' என்பதில் வரும் ப மட்டும்தான். அதனால் கீழே எங்கே ப வந்தாலும், இரட்டித்து ப்ப என்று வந்தாலும் கூட, பஸ்ஸின் ப ஆகவே படியுங்கள்.

முதல் படி: யாரிடம், யார் காதில் விழும்படி?

அரபியில் அன்பு வார்த்தைக்கு இரண்டு கேட்பவர்கள் உண்டு. ஒருவர் நேரே கேட்பவர், இன்னொருவர் பக்கத்தில் நிற்பவர். பக்கத்தில் நிற்பவரை மறந்தால்தான் பெரும்பாலான சங்கடம் வருகிறது.

ஹபீபி என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆணைப் பார்த்துச் சொன்னால் ஹபீபி, பெண்ணைப் பார்த்துச் சொன்னால் ஹபீப்தி. இரண்டுக்கும் 'என் அன்பே' என்பதுதான் பொருள். வளைகுடாவில் ஒரு வாரம் இருந்தவருக்கும் இது தெரியும், ஏனென்றால் டாக்ஸி ஓட்டுநர் பயணியிடமும், கடைக்காரர் வாடிக்கையாளரிடமும், சண்டை போடுகிறவர் எதிராளியிடமும் ஹபீபி என்கிறார். ஆண் ஆணிடம் சொன்னால் நட்பு. பெண்கள் தங்களுக்குள் ஹபீப்தி என்று தாராளமாகச் சொல்லிக்கொள்வார்கள். ஆனால் உறவில்லாத ஓர் ஆண் அலுவலகத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து ஹபீப்தி என்றால் அது வரம்பு மீறல்தான், குறிப்பாக வளைகுடாவில். அங்கே 'உஃக்தி', அதாவது என் சகோதரி, என்பதுதான் மரியாதையான பேச்சு. வேலைக்குப் புதிதாக வந்த நம் பையன்கள் சிலர் ஹபீபி என்பதை எல்லோருக்கும் பொதுச் சொல்லாக எடுத்துக்கொண்டு வரவேற்பு மேசைப் பெண்ணிடம் சொல்லிவிட்டுத் திட்டு வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஒலி சரியாகத்தான் இருக்கும், ஆள்தான் தப்பு.

குழந்தைகளுக்கு இன்னொரு வழக்கம் இருக்கிறது. எகிப்திலும் ஷாம் நாடுகளிலும், அதாவது சிரியா, லெபனான், ஜோர்டான், பாலஸ்தீனப் பகுதிகளில், அப்பா தன் பிள்ளையைப் பார்த்தே 'பாபா' என்பார், அம்மா தன் பிள்ளையைப் பார்த்து 'மாமா' என்பார். முதல் முறை கேட்கிற வெளிநாட்டவர் குழம்பிப் போவார்கள். மகளை 'வாம்மா' என்றும் மகனை 'என்னப்பா' என்றும் கூப்பிடுகிற நமக்கு அதில் விளக்கவே ஒன்றுமில்லை.

தம்பியின் விஷயத்தில் நேரே கேட்பவள் மொராக்கோக்காரி, பக்கத்தில் இருப்பவர்கள் நான்கு வட்டாரத்தவர். மனைவியிடம் சொல்வதால் உரிமை பற்றிய சிக்கல் இல்லை. ஆனால் பெரியவர்கள் முன்னால் சொல்வதால் உடலைப் புகழும் சொல், படுக்கையறை நெருக்கம் காட்டும் சொல் எதுவும் வேண்டாம் என்று முதலிலேயே ஒதுக்கிவிட்டோம்.

இரண்டாம் படி: வினைச்சொல்லை விட்டுவிட்டுப் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்

இந்தப் படியைத்தான் எவரும் சொல்லித் தருவதில்லை. அரபு வட்டார வழக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று அதிகம் விலகுவது வினைச்சொல்லில். வினையின் முன்னொட்டும் மாறும், நீ என்பதைக் காட்டும் பின்னொட்டும் மாறும். 'உன்னை நேசிக்கிறேன்' என்ற ஒரே வாக்கியத்தை, ஒரு பெண்ணிடம் சொல்வதாக வைத்து, கிழக்கிலிருந்து மேற்காக நடந்து பார்ப்போம்.

பாக்தாத்திலும் குவைத்திலும் அமீரகத்திலும் 'அஹிப்பிச்'. பெண்ணைக் குறிக்கும் இக் அங்கே இச் ஆகிவிடுகிறது. யேமனின் சனாவில் அதே இடத்தில் 'இஷ்' வருகிறது, அஹிப்பிஷ். டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் 'ப்ஹெப்பிக்'. கெய்ரோவில் 'பஹெப்பிக்'. சூடானில் 'பரீதிக்' என்றும் சொல்வார்கள், அந்த வேர் பிற இடங்களில் விரும்புதல், வேண்டுதல் என்ற பொருளில்தான் வரும். துனிசியாவிலும் அல்ஜீரியாவிலும் 'ந்ஹெப்பெக்'. மொராக்கோவில் 'கன்ப்கீக்', அந்த நடுவில் வரும் கீ, தொண்டையில் நீர் கொப்பளிப்பது போன்ற கரகர ஒலி.

இந்தக் கடைசி இரண்டும்தான் சிக்கல். துனிசியாவின் ந் என்ற முன்னொட்டு அங்கே 'நான்' என்பதைக் காட்டுகிறது. கிழக்கே வந்துவிட்டால் அதே ந் 'நாங்கள்'. ஆகவே துனிசியாக்காரர் நெஞ்சுருகிச் சொல்லும் வாக்கியம் துபாய்க்காரர் காதில் 'நாங்கள் உன்னை நேசிக்கிறோம்' என்று, ஏதோ ஊர்ப் பொதுக்கூட்டத் தீர்மானம் போல விழும்.

மொராக்கோவின் கதை இன்னும் சுவையானது. கன்ப்கீக் என்பதன் வேர்ச்சொல்லுக்கு 'வேண்டும்' என்றும் பொருள், 'நேசம்' என்றும் பொருள். மொராக்கோவில் இரண்டும் ஒரே சொல். வளைகுடாவுக்கு வந்தால் அதே வேர் வெறும் 'வேண்டும்' மட்டும். கடையில் தண்ணீர் கேட்பதற்கே 'அப்கா மோயா' என்பார்கள். மொராக்கோக் கணவன் மனைவியிடம் சொல்லும் காதல் வாக்கியத்தை ஒரு வளைகுடா அரபி கேட்டால், 'எனக்கு நீ வேண்டும்' என்று ஒரு மாதிரி வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளலாம். தமிழருக்கு இந்த முடிச்சு எளிதில் அவிழும். 'எனக்குச் சோறு வேண்டும்' என்கிறோம், 'அவர் எனக்கு ரொம்ப வேண்டியவர்' என்றும் சொல்கிறோம். முதலாவதில் தேவை, இரண்டாவதில் பாசம். மொராக்கோ இரண்டாவதையும் வைத்துக்கொண்டது, வளைகுடா முதலாவதோடு நின்றுவிட்டது.

வினைச்சொல்லில் இத்தனை பிளவு என்றால் பெயர்ச்சொல்லில் நிலைமை வேறு. 'என் உயிர்', 'என் வாழ்வு', 'என் அன்பு' போன்ற விளிகளில் முன்னொட்டு கிடையாது. என் என்பதைக் காட்டும் 'இ' என்ற ஒற்றை ஒலி கடைசியில் ஒட்டிக்கொள்கிறது, அது மொராக்கோவிலிருந்து ஓமன் வரை மாறுவதில்லை. நடுவிலுள்ள உயிரொலி கொஞ்சம் சுருங்கும், விரியும், அவ்வளவுதான். மொராக்கோவில் ஹபீப்தி என்பது 'ஹ்பீப்தி' என்று இறுகும், ஆனால் எவருக்கும் விளங்காமல் போகாது.

வாக்கியமாகத்தான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் கெய்ரோவின் பஹெப்பிக்கை எடுங்கள், ஆணிடம் பஹெப்பக். காரணம் சினிமாவும் வானொலியும். 1935இல் கெய்ரோவில் ஸ்டூடியோ மிஸ்ர் தொடங்கிய காலத்திலிருந்து எகிப்தியப் படங்கள் அரபு நாடுகள் முழுவதும் ஓடின. 1953இல் ஸவ்துல் அரப் வானொலி வந்து அந்தப் பேச்சையும் பாட்டையும் வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தது. கெய்ரோவுக்குப் போகாத மொராக்கோக் கிழவிக்கும் கெய்ரோப் பேச்சு புரியும். எதிர்த்திசையில் அப்படி இல்லை. மொராக்கோப் பேச்சைக் கேட்டுக் கெய்ரோக்காரர் விழிப்பார். பின்னால் 2008இல் 'நூர்' என்ற துருக்கித் தொடர் சிரியப் பேச்சில் டப்பிங் செய்யப்பட்டுப் பெரும் கூட்டத்தை இழுத்த பிறகு, ஷாம் வழக்குக்கும் அதே போன்ற பரவல் கிடைத்தது. ப்ஹெப்பிக் சொன்னாலும் இன்று எங்கும் புரியும்.

சரி, பள்ளியில் கற்கும் இலக்கிய அரபி, அதாவது ஃபுஸ்ஹா, இருக்கிறதே? அதில் பெண்ணிடம் 'உஹிப்புகி', ஆணிடம் 'உஹிப்புக'. படித்த எல்லா அரபிக்கும் புரியும். ஆனால் எவர் வீட்டிலும் எவரும் அப்படிப் பேசுவதில்லை. மனைவியைப் பார்த்து 'நான் உன்னை நேசிக்கின்றேன் கண்மணீ' என்று பழைய நாடக வசனமாகச் சொன்னால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். பிள்ளைகள் பார்க்கும் கார்ட்டூன்கள் பெரும்பாலும் ஃபுஸ்ஹாவில் டப்பிங் செய்யப்படுவதால் பலருக்கு அந்த ஞாபகமும் வரும். எழுத்தில் மட்டும் இது சிறப்பாக வேலை செய்யும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாம் படி: உறுப்புப் பெயர்களைச் சோதித்துப் பாருங்கள்

பெயர்ச்சொல் என்று முடிவானதும் தம்பி உற்சாகமாக ஒரு பட்டியல் போட்டான். அதில் பாதி உடலுறுப்புகள். இதயம், கண், ஈரல். எல்லா மொழியிலும் கொஞ்சலுக்கு உடலுறுப்பு வரும், அதில் தவறில்லை. ஆனால் எந்த உறுப்புக்கு எந்த ஊரில் என்ன குணம் என்பது மாறிக்கொண்டே போகும்.

கண்ணை எடுப்போம். ஈராக்கில் 'ஐனி' என்றால் என் கண்ணே. காய்கறிக் கடைக்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரும் எல்லோரையும் ஐனி என்பார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் 'என்னங் கண்ணு' என்பார்களே, அதேதான், அதே இளக்கம். ஆனால் 'யா ஐனி' என்று கெய்ரோவிலோ பெய்ரூட்டிலோ சொன்னால் பல நேரங்களில் அது 'ஐயோ பாவம்'. ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டால் நாக்கைச் 'ச்சு' கொட்டிச் சொல்லும் சொல். குரலின் ஏற்ற இறக்கம் கொஞ்சம் பிசகினால், மணப்பெண்ணைப் பார்த்து மாப்பிள்ளை 'பாவம் நீ' என்றது போல ஆகிவிடும்.

ஈரல் இன்னும் வட்டாரத்துக்கே உரியது. வளைகுடாவில் 'பஅத் ச்சப்தி' என்பார்கள், என் ஈரலுக்கும் அப்பால் நீ வாழ்க என்பது போன்ற கருத்து. மொராக்கோவிலும் பிள்ளையை ஈரல் என்று கொஞ்சுவது உண்டு, அங்கே அது 'கெப்தா'. பயத்தில் ஈரக்குலை நடுங்குகிறது என்று சொல்லும் நமக்கு, உயிர் ஈரலில் இருக்கிறது என்பது அந்நியமாகப் படாது. ஆனால் எகிப்தில் 'கிப்தா' என்றவுடன் எல்லோர் நினைவுக்கும் வருவது தள்ளுவண்டியில் விற்கும் அலெக்சாந்திரியா ஈரல் சாண்ட்விச். தாயின் கொஞ்சலில் அது எடுபடும், மைக்கில் எடுபடாது.

மிஞ்சியது இதயம். இது பாதுகாப்பானது என்றுதான் தம்பியும் நினைத்தான், ஏனென்றால் நம் வீடுகளில் 'கல்பு' என்ற சொல்லைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வளர்கிறோம். அந்தப் பழக்கமே இங்கே பகையாகிறது. அரபியில் இதயத்தின் முதல் எழுத்து காஃப் என்று நாம் ஓதக் கற்றுக்கொண்ட, அடித்தொண்டையிலிருந்து வரும் கனமான எழுத்து. அதை நம் தமிழ்க் க போல மெல்லியதாகச் சொன்னால் அது வேறொரு எழுத்து, சொல்லும் மாறிவிடும். கனமான காஃப் போட்டால் 'என் இதயம்'. மெல்லிய காஃப் போட்டால் 'என் நாய்'. அரபியில் நாய் என்று சொல்வது கடும் வசை. ஓத உட்காரும்போது நிதானமாகச் சரியாக உச்சரிக்கிறவர்கள் கூட, மேடையில் படபடப்பில் நழுவுவார்கள்.

அதற்கு மேல் இந்தக் கனமான எழுத்து ஊருக்கு ஊர் உருவம் மாறுகிறது. கெய்ரோ, பெய்ரூட், டமாஸ்கஸ் நகரங்களில் அது அப்படியே விழுங்கப்பட்டு 'அல்பி' ஆகிறது. வளைகுடாவிலும் ஈராக்கிலும் 'கங்கை' என்பதில் இரண்டாவதாக வரும் கை போன்ற ஒலியோடு 'கல்பி'. மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா நகரங்களில் பெரும்பாலும் பழைய கனமான ஒலியே இருக்கிறது. மூன்றும் எல்லோருக்கும் புரியும். ஆனால் எதைச் சொன்னாலும் 'நீ இன்ன ஊர்ப் பேச்சைப் படித்திருக்கிறாய்' என்று காட்டிக்கொடுக்கும், பிசகினால் நாயில் போய் முடியும். ஆகவே அடித்தோம்.

நான்காம் படி: நாக்கில் வைத்து, தப்பினால் என்ன ஆகும் என்று பாருங்கள்

இதயம் போனபின் பட்டியலில் மிஞ்சியவை நான்கு: ஹபீப்தி, ரூஹி, ஹயாத்தி, உம்ரி. நான்கும் அரபு நாடுகள் முழுவதும் புரிகிறவை. இனி கேட்க வேண்டிய கேள்வி, நாம் தப்பாகச் சொன்னால் எங்கே போய் விழுவோம் என்பதுதான். நல்ல சொல் என்பது, பிசகிச் சொன்னாலும் 'அயல்நாட்டுக்காரர் பேசுகிறார்' என்பதோடு நிற்கிற சொல்.

ரூஹி என்றால் என் உயிர். ஆனால் பேச்சு வழக்கில் ஒரு பெண்ணைப் பார்த்து 'போ' என்று சொல்வதும் ரூஹிதான், ஒலியில் வித்தியாசமே இல்லை. முன்னால் 'யா' என்ற விளியைப் போட்டால்தான் உயிர். வெறும் ரூஹி என்று மேடையில் கைநீட்டிச் சொன்னால், போகச் சொல்கிறான் என்று அர்த்தமாகும். யா போட மறக்க மாட்டேன் என்ற உறுதி இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

ஹயாத்தி என்றால் என் வாழ்வு. யா நெடில், ய் ஒற்றை. அவசரத்தில் நெடிலைக் குறிலாக்கி ய்யை இரட்டித்து 'ஹய்யத்தி' என்று சொல்லிவிட்டால் 'என் பாம்பு'. தமிழில் நாம் இயல்பாக இரட்டிக்கும் பழக்கமுள்ளவர்கள் என்பதால் இந்த ஆபத்து நமக்குக் கொஞ்சம் அதிகம். 'ஹ - யா - த்தி' என்று யாவை இரண்டு மாத்திரைக்கு நிறுத்திச் சொல்லிப் பழகினால் தீர்ந்தது.

உம்ரி என்றால் என் ஆயுள், நான் வாழ்கிற காலம் முழுவதும். கெய்ரோவில் ஓம்ரி என்று கொஞ்சம் விரியும். இதன் முதல் ஒலி அய்ன், தொண்டையை இறுக்கிச் சொல்வது. உம்ரா என்ற சொல்லை மக்காவிலிருந்து திரும்பியவர்கள் அழுத்திச் சொல்வார்களே, அதே தொடக்கம்தான், இரண்டுக்கும் வேர் எழுத்துகளும் ஒன்றே. சரி, அய்ன் வராமல் சாதாரண உ வந்துவிட்டால்? பாம்பும் வராது, நாயும் வராது. நம் நாட்டவர் சொல்லும் உம்ரி, அவ்வளவுதான்.

இன்னொரு பெரிய வசதி: உம்ரி, ஹயாத்தி, ரூஹி மூன்றுக்கும் ஆண்பால் பெண்பால் கிடையாது. மனைவியிடமும் கணவனிடமும், குழந்தையிடமும் உம்மாவிடமும் அப்படியே சொல்லலாம். ஹபீபி, ஹபீப்தி மட்டும்தான் பால் பார்த்து மாற வேண்டியவை. பாட்டுகளைக் கேட்டு இதைக் கற்றுக்கொள்கிறவர்கள் ஏமாறுவார்கள். அரபுப் பாட்டுகளில் பெண்ணைப் பற்றிப் பாடும்போது கூட ஹபீபி என்று ஆண்பாலில் பாடுவது நெடுங்கால மரபு. பாட்டில் அது அழகு. வீட்டில் மனைவியை ஹபீபி என்று கூப்பிட்டால் சில இடங்களில் செல்லமாகவும் ஏற்பார்கள், ஆனால் கற்றுக்கொள்ளும் நிலையில் நாம் சொன்னால் இலக்கணப் பிழையாகத்தான் தெரியும்.

உம்ரிக்கு ஆதரவாக நான் தம்பியிடம் கடைசியாகச் சொன்ன காரணம் எகிப்தியப் பாடகி உம்மு குல்ஸூம். 1964இல் அவர் பாடிய 'இன்த உம்ரி' என்ற பாட்டின் தலைப்புக்கே 'நீதான் என் ஆயுள்' என்று பொருள். அந்த இரண்டு சொற்களைக் கேட்காத அரபு வீடு அரிது, மொராக்கோவிலும் சரி, ஈராக்கிலும் சரி. எனவே நாமாக ஒரு வாக்கியம் கட்டத் தேவையில்லை, எல்லோர் காதிலும் ஏற்கெனவே இருக்கிற ஒன்றைப் பெண்பாலுக்கு மாற்றினால் போதும். இன்த என்பது ஆணுக்கு, பெண்ணுக்கு 'இன்தி'. மொராக்கோவில் அது 'ன்தி' என்று சுருங்கும், மற்றபடி அதே சொல்.

தேர்ந்த வரி இதுதான்: 'ஹபீப்தி, இன்தி உம்ரி.' என் அன்பே, நீதான் என் ஆயுசு. வினைச்சொல் இல்லை. காஃப் இல்லை. உறுப்பு இல்லை.

ஹபீப்தியின் ஹ மட்டும் கொஞ்சம் பயிற்சி கேட்டது. கண்ணாடியைத் துடைக்க அதன் மேல் 'ஹா' என்று ஆவி விடுவோமே, அந்தக் காற்றுதான் இந்த ஹ. தம்பி தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு இருபது முறை ஊதிப் பழகினான். பீ நெடில், அழுத்தம் அங்கேதான் விழ வேண்டும்.

ஐந்தாம் படி: எழுதுவதென்றால்

வாழ்த்து அட்டை, கேக், மோதிரம், செய்தி என்று எழுத்தில் வரும்போது கணக்கு கொஞ்சம் மாறும். அரபு எழுத்தில் குறில் உயிர்கள் வழக்கமாக எழுதப்படுவதில்லை. அதனால் ஃபுஸ்ஹாவின் 'உஹிப்புக', 'உஹிப்புகி' இரண்டுமே அலிஃப், ஹா, பா, மெல்லிய காஃப் என்ற அதே நான்கு எழுத்து. ஆணா பெண்ணா என்று தெரியாது, படிப்பவர் தன் ஊர் உச்சரிப்பில் படித்துக்கொள்வார். பேச்சில் நாடக வசனமாக ஒலித்த அதே சொல் எழுத்தில் எவருக்கும் உறுத்தாது. மோதிரத்தில் பொறிக்க வாக்கியம் வேண்டுமென்றால் இதுதான் என் பரிந்துரை.

பொறிக்கக் கொடுக்கும்போது ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். அரபு எழுத்து வலமிருந்து இடமாக, ஒன்றோடொன்று சேர்ந்து ஓடும். அரபி தெரியாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து இடமிருந்து வலமாகத் திரும்பிவிடும். கேக்கின் மேல் இப்படிச் சிதறிக் கிடந்த ஹபீபியை நான் பார்த்திருக்கிறேன். ஹபீபியில் ஐந்து எழுத்துகளும் ஒரே கோட்டில் கைகோத்து நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி தெரிந்தால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

இளைஞர்கள் செய்தியில் ஆங்கில எழுத்தோடு எண்களைக் கலந்து அரபி எழுதுவார்கள். ஹ ஒலிக்கு 7, அய்னுக்கு 3. அப்படி வந்தால் மிரள வேண்டாம்:

```
7abibti
3omri
2albi
9albi
```

முதல் இரண்டும் நமக்குத் தெரிந்த ஹபீப்தி, உம்ரி. அடுத்த இரண்டும் 'என் இதயம்'தான். 2 போட்டு எழுதினால் கெய்ரோ அல்லது ஷாம் பக்கத்தவர், 9 போட்டு எழுதினால் பெரும்பாலும் மொராக்கோ, அல்ஜீரியா, துனிசியா பக்கத்தவர்.

ஆறாம் படி: கிழக்கே ஒருவர், மேற்கே ஒருவர்

எவ்வளவு யோசித்தாலும் ஆளிடம் சொல்லிப் பார்க்காமல் மேடை ஏறக் கூடாது. ஒருவரிடம் மட்டும் கேட்பது போதாது. எகிப்தியரிடம் கேட்டால் எகிப்தியச் சொல் எல்லோருக்கும் புரியும் என்பார், பெரும்பாலும் சரிதான், ஆனால் தன் வழக்கில் இல்லாத அர்த்தம் அவருக்குத் தெரியாது. அதனால் எகிப்துக்குக் கிழக்கே ஒருவரிடமும், மேற்கே ஒருவரிடமும் சொல்லிக் காட்ட வேண்டும்.

'இது சரியா?' என்று கேட்காதீர்கள். அரபிகள் விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று, எதைச் சொன்னாலும் 'மியா மியா', நூற்றுக்கு நூறு, என்று சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டு முகத்தைப் பாருங்கள். அவர் அதே சொல்லைத் தன் ஊர் உச்சரிப்பில் திருப்பிச் சொன்னால் சொல் அவருடையது, கவலை வேண்டாம். வேறொரு சொல்லைத் தந்து 'இப்படியும் சொல்லலாம்' என்றால், நீங்கள் சொன்னது புரிந்தது, ஆனால் அவர் வீட்டுச் சொல் இல்லை. 'எங்கே கற்றுக்கொண்டாய்?' என்று சிரித்துக்கொண்டே கேட்டால் சொல்லில் ஒரு ஊரின் வாடை பலமாக அடிக்கிறது, மாற்றிவிடுங்கள்.

தம்பி தன் அலுவலகத்தில் இருந்த ஒரு பாக்தாத்காரரிடமும், மொராக்கோப் பேக்கரி ஒன்றில் நிற்கும் பெரியவர் ஒருவரிடமும் சொல்லிப் பார்த்தான். பாக்தாத்காரர் அய்னை நன்றாக அழுத்தி 'உம்ரி' என்று திருப்பிச் சொல்லித் தோளில் தட்டினார். பேக்கரிப் பெரியவர் 'ன்தி உம்ரி' என்று சொல்லிவிட்டு, தம்பியை அருகே இழுத்து, 'ஊர் கேட்க இது. அவள் மட்டும் கேட்க இன்னொன்று சொல்லித் தருகிறேன்' என்று கன்ப்கீக்கைக் காதில் ஓதினாராம்.

அந்தப் பெரியவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. பரவலாகப் புரியும் சொல் வேறு, ஒருத்தியின் உம்மா அவளைக் கொஞ்சிய சொல் வேறு. பிந்தையதன் சூடு முந்தையதில் ஒருபோதும் வராது. மைக்கில் பொதுச் சொல், மைக்கை அணைத்தபின் அவள் ஊர்ச் சொல் என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டோம்.

விருந்தன்று தம்பி ஆங்கிலத்தில் எல்லோருக்கும் நன்றி சொல்லிவிட்டு, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினான். 'ஹபீப்தி, இன்தி உம்ரி.' ஹ நன்றாக வந்தது, அய்ன் பாதிதான் வந்தது. எகிப்துத் தம்பதியில் கணவர் கையைத் தட்டி அந்தப் பாட்டின் முதல் அடியை எடுத்தார், சிரியாக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஈராக்கியப் பெண்கள் இருவரும் வாயருகே கைவைத்துக் குலவையிட்டார்கள். அது அடங்கும் முன்பே மேசைமேல் சாய்த்து வைத்திருந்த தொலைபேசிக்குள்ளிருந்து, தாஞ்சியரிலிருந்து, இன்னொரு நீண்ட குலவை வந்தது. அது யாரென்று புரிந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பியின் உம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, கீழக்கரைக் குலவையைத் தொடங்கினார்.